பணம் பிடித்தாகிவிட்டது, ஆர்டர் பதிவாகவில்லை

கணக்கிலிருந்து பணம் கழிந்துவிட்டதாக எஸ்எம்எஸ் வருகிறது. அதே நொடியில் கடையின் திரையில் 'பணம் செலுத்துதல் தோல்வி' என்று காட்டுகிறது. இவை இரண்டு வெவ்வேறு இடங்களிலிருந்து வரும் இரண்டு வெவ்வேறு செய்திகள். முதல் செய்தியை அனுப்புவது வாடிக்கையாளரின் வங்கி. இரண்டாவதைச் சொல்வது கடையின் கணினி. தன் ஏட்டில் பற்று எழுதியது வங்கிக்குத் தெரியும். அதற்கு மேல் தெரியாது. பணம் வந்ததாகத் தனக்குத் தகவல் வரவில்லை என்பது கடைக்குத் தெரியும். அதற்கு மேல் அதற்கும் தெரியாது. இரண்டும் பொய் சொல்லவில்லை. ஆனால் பணம் இப்போது எங்கே நிற்கிறது என்பதை இரண்டுமே சொல்வதில்லை. எத்தனை நாளில் திரும்பும், தாமதமானால் இழப்பீடு உண்டா, யாரைக் கேட்க வேண்டும் என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் அந்த இடத்தில்தான் இருக்கிறது.

இந்தியாவில் இணையக் கடைகளுக்குப் பணம் செலுத்த இன்று பெரும்பாலோர் பயன்படுத்துவது யூபிஐ. ஆகவே அந்த வழியையே முதலில் பார்க்கலாம். கார்டு வழி சில இடங்களில்தான் மாறுபடுகிறது.

பணம் போகும் வழி

வாடிக்கையாளர் செயலியில் பின் எண்ணைப் போட்டதும் கோரிக்கை முதலில் அந்தச் செயலிக்குப் பின்னால் இருக்கும் வங்கிக்குப் போகிறது. அங்கிருந்து இந்திய தேசியப் பணப்பட்டுவாடாக் கழகத்துக்கு, அதாவது என்பிசிஐக்குப் போகிறது. யூபிஐயை நடத்துவது இந்தக் கழகம்தான். அது வாடிக்கையாளரின் வங்கியைப் பார்த்து 'இந்தக் கணக்கில் இவ்வளவு பற்று வை' என்கிறது. வங்கி பற்று வைத்துவிட்டு 'வைத்தாயிற்று' என்று பதில் அனுப்புகிறது. அந்தப் பதில் கைக்கு வந்த பிறகே என்பிசிஐ கடையின் வங்கியைப் பார்த்து 'இவ்வளவு வரவு வை' என்று சொல்கிறது. அந்த வங்கியும் வரவு வைத்துப் பதில் தந்தால் பரிமாற்றம் முடிந்தது.

கடைக்கு விஷயம் இன்னும் முடியவில்லை. பெரும்பாலான இணையக் கடைகள் வங்கியோடு நேரடியாகப் பேசுவதில்லை. இடையில் பேமெண்ட் கேட்வே என்று வழக்கில் சொல்லப்படும் ஒரு நிறுவனம் இருக்கிறது. பல கடைகளுக்காகப் பணத்தை வாங்கி, தனிக் கணக்கில் வைத்திருந்து, பிறகு கடைக்காரரிடம் சேர்ப்பது அதன் வேலை. பணம் வந்துவிட்டது என்று வங்கி இந்த நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும், இந்த நிறுவனம் கடையின் கணினிக்குச் சொல்ல வேண்டும். அந்தக் கடைசித் தகவல் வந்து சேர்ந்தால்தான் ஆர்டர் எண் பிறக்கும்.

இத்தனையும் சில நொடிகளில் நடக்கின்றன. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கால வரம்பு உண்டு. குறித்த நொடிக்குள் பதில் வராவிட்டால் கேட்டவர் காத்திருப்பதை நிறுத்திவிடுகிறார். பணம் சிக்கும் சம்பவங்களில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் பிறக்கின்றன. வேலை நடந்துவிட்டது, பதில்தான் நேரத்துக்குள் வரவில்லை. விழாக்காலத் தள்ளுபடி தொடங்கும் நள்ளிரவிலும், சம்பளம் விழும் மாத முதல் நாட்களிலும் வங்கிக் கணினிகள் திணறும்போது இது கூடிவிடும்.

எங்கே அறுந்தது?

பின் எண்ணைத் தவறாகப் போட்டாலோ, கணக்கில் பணம் போதாமல் இருந்தாலோ, பற்று வைப்பதற்கு முன்பே விஷயம் முடிந்துவிடும். அதில் பணம் போவதில்லை; சிக்கலும் இல்லை. சிக்கல் அதற்குப் பிறகு மூன்று இடங்களில் வரலாம்.

முதலாவது இடம் வாடிக்கையாளரின் வங்கி. அது பற்று வைத்துவிட்டது; ஆனால் அதன் பதில் என்பிசிஐக்கு நேரத்துக்குள் போகவில்லை. பதில் வராததால் என்பிசிஐ கடையின் வங்கியிடம் பேசவே இல்லை. பரிமாற்றம் தோல்வி என்று முடித்து, 'பற்று வைத்திருந்தால் திருப்பிப் போடு' என்று வாடிக்கையாளரின் வங்கிக்கே சொல்லி அனுப்புகிறது. வங்கியின் கணினி அப்போது தெளிந்திருந்தால் சில நிமிடங்களில் பணம் திரும்பிவிடும். அந்தச் செய்தியும் வழியில் தொலைந்தால், வங்கி தன் கணக்கையும் என்பிசிஐ அனுப்பும் பட்டியலையும் ஒப்பிடும் வரை காத்திருக்க வேண்டும். தன் ஏட்டில் பற்று இருக்கிறது, பட்டியலில் அது வெற்றி என்று இல்லை என்பது அப்போது தெரியவரும். இந்த வகையில் பணம் வாடிக்கையாளரின் வங்கியை விட்டு வெளியே போகவே இல்லை.

இரண்டாவது இடம் கடையின் வங்கி. பற்று சரியாக நடந்து, வரவு வைக்கும் உத்தரவும் போய்விட்டது. ஆனால் வரவு வைத்ததா இல்லையா என்று அந்த வங்கி சொல்லவில்லை. இங்கே என்பிசிஐ உடனே பணத்தைத் திருப்பச் சொல்ல முடியாது. உண்மையில் வரவு வைத்திருந்தால் பணம் இரண்டு பக்கமும் போய்விடும். எனவே அது வெற்றி என்று கருதப்பட்டு, வங்கிகளுக்கு இடையேயான கணக்குத் தீர்ப்பில் பணம் கடையின் வங்கிப் பக்கம் சேர்கிறது. பிறகு அந்த வங்கி தன் ஏட்டைப் பார்த்து இரண்டில் ஒன்றைச் சொல்ல வேண்டும்: 'வரவு வைத்துவிட்டோம்' என்று உறுதி செய்ய வேண்டும், அல்லது பணத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும். செயலியில் 'நிலுவையில்' என்று மணிக்கணக்கில் காட்டுவது பெரும்பாலும் இந்த வகை. வாடிக்கையாளரின் வங்கியைத் திட்டிப் பயனில்லாத வகையும் இதுதான். பணம் அவர்களிடம் இல்லை.

மூன்றாவது இடம் கடையின் வாசல். வங்கிகள் இரண்டும் தங்கள் வேலையை ஒழுங்காக முடித்துவிட்டன; செயலியிலும் பச்சை நிறத்தில் 'வெற்றி' என்று வந்துவிட்டது. ஆனால் அந்தச் செய்தி கேட்வேயிலிருந்து கடைக்கு வரும் முன் கடையின் கணினி காத்திருப்பதை நிறுத்திவிட்டது. சில கடைகள் ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ மட்டுமே பொருளை வாடிக்கையாளர் பெயரில் ஒதுக்கி வைத்திருக்கும். ரயில் டிக்கெட், சினிமா டிக்கெட் விற்கும் இடங்களில் இந்த நேரம் மிகவும் முக்கியம். அந்த நேரம் கடந்ததும் இருக்கை வேறொருவருக்குப் போய்விடும். பணம் பிறகு வந்தால் அதற்கு உரிய ஆர்டர் இல்லை. இப்படித் தாமதமாக வந்து சேரும் பணத்தைக் கடை ஏற்றுக்கொள்ளாவிட்டால் ஒருசில நாட்களில் தானாகவே திருப்பி அனுப்பும்படி கேட்வேக்கள் அமைத்திருக்கின்றன. சில சமயம் கடை அதை ஏற்று, செத்துப்போன ஆர்டருக்கே உயிர் கொடுத்துவிடுவதும் உண்டு. பணம் சிக்கியதும் அவசரப்பட்டு இரண்டாம் முறை செலுத்தியவர் வீட்டுக்கு ஒரே பொருள் இரண்டாக வந்து நிற்பது அப்படித்தான்.

எனவே முதல் வேலை எதுவும் செய்யாமல் சற்று நேரம் இருப்பதுதான். நிலுவையில் இருக்கும் பரிமாற்றத்தின் நிலையைத் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்ப்பதாலும் பயனில்லை. ஒரு பரிமாற்றத்தின் நிலையை 90 நொடி இடைவெளி விட்டு மூன்று முறை மட்டுமே கேட்கலாம் என்று 2025 ஆகஸ்ட் முதல் செயலிகளுக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. அரை மணி நேரம் கழித்து மூன்று இடங்களைப் பார்த்தால் போதும்: கடையில் 'என் ஆர்டர்கள்' பகுதி, செயலியில் பரிமாற்றத்தின் நிலை, வங்கியின் ஸ்டேட்மென்ட். எஸ்எம்எஸ்ஸை மட்டும் நம்பக் கூடாது. பற்றுக்கு எஸ்எம்எஸ் அனுப்பிய வங்கி, திருப்பிப் போட்டதற்கு அனுப்பாமல் விட்டுவிடுவது உண்டு. பணம் வந்து இரண்டு நாளான பிறகும் கிளையில் போய்ச் சண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ரிசர்வ் வங்கி வைத்த கெடு

2019 செப்டம்பர் 20 அன்று இந்திய ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. தோல்வியடைந்த பரிமாற்றங்களுக்குப் பணம் திரும்ப வேண்டிய கெடுவையும், கெடு தாண்டினால் தர வேண்டிய இழப்பீட்டையும் எல்லா வங்கிகளுக்கும் ஒரே மாதிரியாக அது வகுத்தது. அந்த ஆண்டு அக்டோபர் 15 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. பரிமாற்றம் நடந்த தேதியை அது T என்று குறிக்கிறது. T+1 என்றால் மறுநாள், T+5 என்றால் ஐந்தாவது நாள்.

யூபிஐ வழியாக ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பிய பணம் பெறுபவரின் கணக்கில் சேரவில்லை என்றால், பெறுபவரின் வங்கி T+1க்குள் அதைத் தானாகத் திருப்ப வேண்டும். கடைக்குச் செலுத்திய பணம் கழிந்து, அதன் உறுதிச் செய்தி கடைக்கு வராவிட்டால் கெடு T+5. கார்டு எண்ணைப் பதிந்து இணையத்தில் வாங்கும்போது இதே நிலை வந்தாலும் T+5தான். தனிமனிதர் ஒருவருக்கு அனுப்பியதற்கு ஒரு நாள், கடைக்குச் செலுத்தியதற்கு ஐந்து நாள் என்ற வித்தியாசம் பலரைக் குழப்புகிறது. நண்பருக்கு அனுப்பியது மறுநாளே திரும்பிவிட்டதே, இது ஏன் வரவில்லை என்று கேட்பார்கள். கடை வழியில் கேட்வேயும் கடையின் கணக்கும் சேர்த்து ஒப்பிட வேண்டியிருப்பதை நினைத்தால் வித்தியாசம் புரியும்.

கெடு தாண்டினால் நாள் ஒன்றுக்கு ரூ.100 இழப்பீடு. இது சிக்கிய தொகையைப் பொறுத்தது அல்ல. ஐம்பது ரூபாய் ரீசார்ஜ் சிக்கினாலும் நூறு, ஐம்பதாயிரம் ரூபாய் சிக்கினாலும் நூறு. வாடிக்கையாளர் புகார் தரும் வரை காத்திருக்காமல் வங்கியே தானாக முன்வந்து இதைக் கணக்கில் வரவு வைக்க வேண்டும் என்கிறது சுற்றறிக்கை. நடைமுறையில் எல்லா வங்கிகளும் கேட்காமலே தந்துவிடும் என்று எதிர்பார்ப்பது வீண். புகாரில் ஒரு வரி சேர்த்து இதையும் கேட்பதே நல்லது.

சுற்றறிக்கையின் எல்லைகளையும் கவனிக்க வேண்டும். வாடிக்கையாளரின் தவறு அல்லாத காரணங்களால் பரிமாற்றம் முழுமையடையாமல் போனால்தான் அது 'தோல்வி'. தொடர்பு அறுந்தது, கால வரம்பு முடிந்தது போன்றவை அதில் வரும். தவறான யூபிஐ முகவரிக்கு, சரியாகவே போய்ச் சேர்ந்த பணம் இதில் வராது. செலுத்துபவர், பெறுபவர் இருவரும் இந்தியாவுக்குள் இருக்க வேண்டும். வெளிநாட்டு இணையதளத்தில் வாங்கியதற்கு இந்தக் கெடு பொருந்தாது. கெடு என்பது உச்ச வரம்பு என்பதையும் மறக்கக் கூடாது. ஐந்தாம் நாள்தான் பணம் வரும் என்று பொருள் இல்லை.

ஒரு குக்கரின் கதை

எடுத்துக்காட்டாக ஒன்றைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 2025 ஆகஸ்ட் 8, வெள்ளிக்கிழமை இரவு 11.52 மணிக்கு ஒருவர் இணையக் கடையில் குக்கர் ஒன்றுக்கு யூபிஐ வழியாக ரூ.1,849 செலுத்துகிறார். பணம் கழிந்துவிட்டது, கடை தோல்வி என்கிறது.

வெள்ளிக்கிழமை முடிய எட்டு நிமிடம்தான் இருந்தது என்றாலும் T என்பது ஆகஸ்ட் 8. கணக்கு மணியைப் பார்ப்பதில்லை, தேதியைப் பார்க்கிறது. நள்ளிரவு தாண்டி 12.05க்குச் செலுத்தியிருந்தால் எல்லாமே ஒரு நாள் தள்ளிப் போயிருக்கும். மறுநாள் ஆகஸ்ட் 9, இரண்டாம் சனிக்கிழமை, வங்கி விடுமுறை. பத்தாம் தேதி ஞாயிறு. இந்த இரண்டு நாட்களையும் கழித்துவிட்டுத் திங்களிலிருந்து எண்ண வேண்டும் என்று வங்கிக் கிளையில் சிலர் சொல்வதுண்டு. அது சரியல்ல. T என்பது நாட்காட்டித் தேதி என்றே சுற்றறிக்கை சொல்கிறது. வங்கி வேலை நாள் என்று சொல்லவில்லை. எனவே சனி T+1, ஞாயிறு T+2, திங்கள் T+3, செவ்வாய் T+4, புதன்கிழமை ஆகஸ்ட் 13 T+5. புதன் இரவுக்குள் ரூ.1,849 கணக்கில் விழுந்துவிட்டால் விதி மீறப்படவில்லை, இழப்பீடும் கிடையாது.

பணம் 13ஆம் தேதி வரவில்லை, 16ஆம் தேதி சனிக்கிழமைதான் வந்தது என்று கொள்வோம். 14, 15, 16 என மூன்று நாள் தாமதம். நடுவில் சுதந்திர தினம் வந்தது சாக்காகாது. ரூ.1,849 தவிர ரூ.300 வர வேண்டும். ஸ்டேட்மென்டில் இது இரண்டு தனி வரிகளாக வரும் என்பதால் திரும்பிய தொகையை மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடக் கூடாது.

இப்போது அதே குக்கருக்கு வேறொரு முடிவு. பணம் கடைக்குச் சரியாகச் சேர்ந்தது, கடையும் ஆர்டரைப் பதிந்தது, ஆனால் மறுநாள் 'சரக்கு இல்லை' என்று சொல்லி ஆர்டரை ரத்து செய்தது. வாங்கியவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்: பணம் போயிற்று, குக்கர் வரவில்லை. ஆனால் ரிசர்வ் வங்கியின் கண்ணுக்கு இது தோல்வியடைந்த பரிமாற்றமே அல்ல. பரிமாற்றம் வெற்றி, வியாபாரம்தான் முறிந்தது. T+5 கெடுவும் இல்லை, நாளுக்கு நூறு ரூபாயும் இல்லை.

திரும்புவதில் இரண்டு வகை

இந்த வித்தியாசம்தான் முழு விஷயத்திலும் அதிகம் தெரிந்துகொள்ளப்படாத பகுதி. முதல் வகையில் வங்கி தன் பற்றை அழித்துப் பணத்தை மீண்டும் போடுகிறது, இது ரிவர்சல். இரண்டாம் வகையில் கடை தன் கைக்கு வந்த பணத்தைத் திருப்பித் தருகிறது, இது ரீஃபண்ட். ரீஃபண்ட் என்பது உண்மையில் எதிர்த்திசையில் போகும் ஒரு புதிய பரிமாற்றம். கடை உத்தரவிட வேண்டும், கேட்வே அனுப்ப வேண்டும், வாடிக்கையாளரின் வங்கி வரவு வைக்க வேண்டும். கடைகள் இதற்கு வழக்கமாக ஐந்து முதல் ஏழு வேலை நாள் என்று சொல்கின்றன. வேலை நாள் என்பதால் விடுமுறைகள் கழியும். அந்த எண்ணிக்கையும் கடை ரீஃபண்டைத் தொடங்கிய நாளிலிருந்துதான், பணம் போன நாளிலிருந்து அல்ல. 'தொடங்கிவிட்டோம்' என்று கடை அனுப்பும் மின்னஞ்சலின் தேதியைக் குறித்து வைப்பது அதனால்தான் முக்கியம்.

மேலே மூன்றாவதாகச் சொன்ன இடம், அதாவது வங்கிகள் வெற்றி என்று சொல்லியும் கடைக்குத் தகவல் வராமல் போனது, இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. உறுதிச் செய்தி கடைக்கு வரவில்லை என்பதால் T+5 கெடு அதற்குப் பொருந்தும். ஆனால் வங்கியின் ஏட்டில் அது வெற்றி என்று இருப்பதால், வங்கியிடம் கேட்டால் 'பணம் கடைக்குப் போய்விட்டது' என்பார்கள். கடையிடம் கேட்டால் 'எங்களுக்கு வரவில்லை, வங்கியைக் கேளுங்கள்' என்பார்கள். வாடிக்கையாளர் பந்தாக உருளுவது இந்த வகையில்தான். இங்கே செய்யக்கூடியது, தன்னிடம் ஆர்டர் பதிவாகவில்லை என்று கடையிடமிருந்து எழுத்தில் வாங்கி, அதை வைத்து வங்கியில் புகார் தருவது. ஒரு வரி மின்னஞ்சல் போதும். கடையின் அரட்டைப் பெட்டியில் வந்த பதிலைப் படம் பிடித்து வைத்தாலும் சரி.

ரீஃபண்டைப் பற்றி இன்னொரு விதி உண்டு. பணம் எந்த வழியாக வந்ததோ அதே வழியாகத் திரும்ப வேண்டும். வாடிக்கையாளர் தெளிவாகச் சம்மதித்தால்தான் வேறு வழியில் போடலாம் என்று கேட்வேக்களுக்கு ரிசர்வ் வங்கி கட்டளையிட்டிருக்கிறது. 'உடனே எங்கள் வாலட்டில் போட்டுவிடுகிறோம்' என்று கடை கேட்டால் அது சலுகை மாதிரி தெரியும். ஒத்துக்கொண்டால் அந்தப் பணம் பெரும்பாலும் அந்தக் கடையில் மட்டுமே செலவாகும். அவசரம் இல்லாதவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

கார்டில் செலுத்தியவர்களுக்கு

கார்டு வழியில் பணம் இரண்டு படியில் போகிறது. முதலில் அனுமதி: வங்கி தொகையை ஒதுக்கி வைக்கிறது. பிறகு வசூல்: கடையின் தரப்பு அந்தத் தொகையைக் கேட்டு எடுத்துக்கொள்கிறது. அனுமதி கிடைத்து, வசூல் நடக்காமலே ஆர்டர் முறிந்துவிடலாம். கிரெடிட் கார்டில் இப்படி நடந்தால் அந்தத் தொகை பில்லில் ஏறாது. கிடைக்கும் வரம்பு மட்டும் சில நாள் குறைந்து காட்டிவிட்டுப் பிறகு சரியாகும். டெபிட் கார்டில் கையிருப்பே குறைந்துவிடுவதால் பணம் போய்விட்டதாகத் தெரிகிறது.

கார்டில் ரீஃபண்ட் தொடங்கிய பிறகும் பணம் வரவில்லை என்றால் கடையிடம் கேட்க வேண்டியது ஏஆர்என் என்ற 23 இலக்க எண்ணை. பணத்தை உண்மையிலேயே அனுப்பியிருந்தால்தான் அந்த எண் இருக்கும். அதைக் கொடுத்தால் கார்டு வழங்கிய வங்கி தன் பக்கத்தில் தேடிக் கண்டுபிடித்துவிடும். எண்ணைத் தராமல் 'பத்து நாள் பொறுங்கள்' என்று மட்டும் கடை சொன்னால், ரீஃபண்ட் இன்னும் தொடங்கவில்லை என்று சந்தேகிக்க இடமுண்டு.

புகாரும் அந்தப் பன்னிரண்டு இலக்கங்களும்

யூபிஐ பரிமாற்றம் ஒவ்வொன்றுக்கும் 12 இலக்க எண் ஒன்று உண்டு. செயலிகள் இதை யூடிஆர் என்றும், ஆர்ஆர்என் என்றும், யூபிஐ பரிமாற்ற எண் என்றும் வெவ்வேறு பெயரில் காட்டுகின்றன. வங்கி, என்பிசிஐ, கடையின் வங்கி ஆகிய மூன்று இடத்திலும் அந்தப் பணத்தைத் தேடிப் பிடிக்க உதவும் பொதுவான சாவி இதுதான். கடை தரும் ஆர்டர் எண் வங்கிக்குப் பயன்படாது. செயலி தனக்கென்று வைத்திருக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட குறியீடும் அப்படித்தான். 12 இலக்கத்தில் முதல் இலக்கம் பெரும்பாலும் ஆண்டின் கடைசி எண்ணையும், அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதையும் குறிக்கும். குக்கர் வாங்கியவரின் எண் 5220 என்று தொடங்கும்: 2025ஆம் ஆண்டின் 220ஆவது நாள் ஆகஸ்ட் 8. புகாரில் எழுதும் எண் சரியான பரிமாற்றத்துக்கு உரியதுதானா என்று பார்க்க இது கைகொடுக்கும்.

புகாரைப் பரிமாற்றம் செய்த செயலியிலேயே தொடங்கலாம். பழைய பரிமாற்றங்களின் பட்டியலில் குறிப்பிட்ட வரியைத் தொட்டால் உதவி கேட்கவோ புகார் எழுப்பவோ வழி இருக்கும். தோல்வியடைந்த பரிமாற்றங்களுக்கான புகாரை இணையவழியிலேயே தீர்க்கும் முறை ஒன்றை ஏற்படுத்த வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2020 ஆகஸ்டில் உத்தரவிட்டது. இந்த வழிகள் அதன் விளைவு. அங்கே தீராவிட்டால் அடுத்தது வாடிக்கையாளரின் சொந்த வங்கி. தொலைபேசியில் சொன்னாலும் புகார் எண் ஒன்றைக் கேட்டு வாங்க வேண்டும். தேதி, நேரம், தொகை, 12 இலக்க எண், கடையின் பதில், T+5 தாண்டியிருந்தால் இழப்பீட்டுக் கோரிக்கை ஆகியவை மட்டும் இருந்தால் போதும். அதற்கு மேல் எழுதும் ஆதங்கம் எதுவும் தீர்வை விரைவாக்குவதில்லை.

வங்கி 30 நாளுக்குள் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். cms.rbi.org.in என்ற இணையதளத்தில் புகாரைப் பதியலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. இணையம் வேண்டாம் என்பவர்கள் சண்டிகரில் உள்ள ரிசர்வ் வங்கியின் மையத்துக்குக் கடிதமாகவும் அனுப்பலாம். வங்கியில் முதலில் புகார் தராமல் நேராக இங்கே வந்தால் ஏற்க மாட்டார்கள். வங்கி தந்த புகார் எண்ணுக்கு இங்கேதான் மதிப்பு.

ரீஃபண்ட் தராமல் இழுத்தடிக்கும் கடை இந்தக் குறைதீர்ப்பாளரின் அதிகாரத்துக்குள் வராது. கடை வங்கியல்ல. அதற்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது, தமிழிலும் பேசலாம்.

பணம் சிக்கியிருக்கும் இந்த நாட்களில்தான் இன்னொரு ஆபத்தும் வருகிறது. கடையின் உதவி எண்ணைத் தேடுபொறியில் தேடுகிறவர்களுக்காகவே மோசடிக்காரர்கள் போலி எண்களைப் போட்டு வைத்திருக்கிறார்கள். அழைத்தவரிடம் பணிவாகப் பேசி, பணத்தைத் திருப்ப ஒரு க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யச் சொல்வார்கள். அல்லது வந்திருக்கும் கோரிக்கையை ஏற்றுப் பின் எண்ணைப் போடச் சொல்வார்கள். அல்லது திரையைப் பகிரும் செயலி ஒன்றை இறக்கச் சொல்வார்கள். ரூ.1,849 தேடிப் போனவர் கணக்கில் மிச்சம் இருந்ததையும் இழப்பார். உதவி எண்ணைக் கடையின் செயலிக்குள்ளிருந்தோ, வங்கி கார்டின் பின்புறத்திலிருந்தோ மட்டும் எடுக்க வேண்டும். ஏமாந்துவிட்டால் நிமிடம் தாமதிக்காமல் 1930க்கு அழைக்க வேண்டும். ரிவர்சலோ ரீஃபண்டோ, பணம் கணக்குக்குள் வருவதற்கு வாடிக்கையாளர் பின் எண்ணைப் போட வேண்டிய கட்டம் யூபிஐயில் எங்குமே கிடையாது.